எல்லா ஆவணங்களையும் படிக்காமல் ஒரு சோதனைத் தொகுப்பு: திரட்டு முறை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐந்து லட்சம் ஆவணங்களில் எவை பொருத்தமானவை என்று எல்லாவற்றையும் படிக்காமல் எப்படிச் சொல்ல முடியும்?

முழுமையாகச் சொல்ல முடியாது. அந்த ஆசையைக் கைவிடுவதிலிருந்துதான் இந்த முறை தொடங்குகிறது. தேடல் அமைப்புகளை ஒப்பிட மூன்று பொருள்கள் வேண்டும்: ஆவணங்களின் தொகுதி, தேடல் தலைப்புகளின் பட்டியல், எந்தத் தலைப்புக்கு எந்த ஆவணம் பொருந்தும் என்ற தீர்ப்புகள். இந்த மூன்றும் சேர்ந்ததுதான் சோதனைத் தொகுப்பு. முதல் இரண்டையும் சேர்ப்பது எளிது. மூன்றாவதுதான் மனித உழைப்பை விழுங்கும்.

ஓர் ஆவணத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல அரை நிமிடம் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். 5,28,155 ஆவணங்கள் உள்ள தொகுதியில் ஒரே ஒரு தலைப்புக்கு ஏறத்தாழ 4,400 மணி நேரம் வேண்டும். ஒருவர் நாளுக்கு எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் 550 வேலை நாள்கள். தலைப்புகள் ஐம்பது என்றால் யாராலும் முடியாது.

திரட்டு முறையில் பல தேடல் அமைப்புகளிடம் ஒரே தலைப்பைக் கொடுக்கிறோம். ஒவ்வொன்றும் தரும் வரிசையின் மேல்பகுதியை மட்டும், உதாரணமாக முதல் 100 ஆவணங்களை, வெட்டியெடுத்து ஒன்றாகச் சேர்த்து, இரட்டிப்புகளை நீக்குகிறோம். மிஞ்சுவதுதான் திரட்டு. மனிதர்கள் அதை மட்டும் படிக்கிறார்கள். திரட்டுக்குள் வராத எல்லா ஆவணங்களும் பொருத்தமற்றவை என்று கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

இதை முதலில் யோசித்தவர்கள் யார்?

1960களில் இங்கிலாந்தின் கிரான்ஃபீல்டில் சிரில் கிளெவர்டன் நடத்திய சோதனைகளில் ஆவணங்கள் 1,400 மட்டுமே. அதனால் எல்லாவற்றையும் ஒவ்வொரு கேள்வியோடும் ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. அந்த அளவை மீறிப் பெரிய தொகுப்பு வேண்டும் என்றபோது, பல தேடல்களின் முடிவுகளைத் திரட்டித் தீர்ப்பிடும் யோசனையை கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ், கீத் வான் ரைஸ்பெர்கன் இருவரும் 1975இல் முன்வைத்தார்கள். பெரிய அளவில் அதைச் செய்துகாட்டியது, பல குழுக்களின் தேடல் அமைப்புகளை ஒரே தொகுப்பில் ஒப்பிடும் ட்ரெக் மாநாடு. டோனா ஹார்மன் தலைமையில் 1992இல் அமெரிக்கத் தரநிலை நிறுவனமான நிஸ்ட் அதைத் தொடங்கியது.

உண்மையில் எப்படி நடக்கிறது? ஒரு தொகுப்பை எடுத்து வரிசையாகச் சொல்லுங்கள்.

1999இல் நடந்த ட்ரெக்-8இன் பொதுத் தேடல் பிரிவை எடுத்துக்கொள்கிறேன். இன்றும் ஆய்வாளர்கள் அதிகம் பயன்படுத்தும் தொகுப்புகளில் அது ஒன்று.

முன்பு சொன்ன 5,28,155 ஆவணங்கள் இந்தத் தொகுப்பினுடையவைதான். ஃபைனான்ஷியல் டைம்ஸ், லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் செய்திகள், அமெரிக்க அரசிதழ்ப் பக்கங்கள், வெளிநாட்டு ஒலிபரப்புகளின் மொழிபெயர்ப்புகள் ஆகியவை அதில் இருந்தன. தலைப்புகள் 50, எண்கள் 401 முதல் 450 வரை. ஒவ்வொரு தலைப்புக்கும் சில சொற்களில் ஒரு பெயர், ஒரு வாக்கியத்தில் விளக்கம், எது பொருந்தும் எது பொருந்தாது என்று சொல்லும் ஒரு பத்தி என்று மூன்று பகுதிகள்.

பங்கேற்ற குழுக்கள் தங்கள் அமைப்புகளை ஓட்டி, ஒவ்வொரு தலைப்புக்கும் 1,000 ஆவணங்கள் வரை வரிசைப்படுத்தி அனுப்பின. இப்படி 129 முடிவுப் பட்டியல்கள் வந்தன. எல்லாவற்றையும் திரட்டினால் வேலை தாங்காது என்பதால் 71 பட்டியல்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. ஒவ்வொன்றிலும் முதல் 100.

இந்தப் படி நிரலில் சில வரிகள்தான்:

```python
pool = {}
for run in runs:
    for topic, docs in run.items():
        pool.setdefault(topic, set()).update(docs[:100])
```

71 பட்டியல்களில் நூறு நூறாக எடுத்தால் ஒரு தலைப்புக்கு 7,100 இடங்கள். ஆனால் இரட்டிப்புகளை நீக்கிய பிறகு சராசரியாக 1,736 ஆவணங்களே மிஞ்சின, அதாவது நான்கில் ஒரு பங்கு. நல்ல அமைப்புகள் பெரும்பாலும் ஒரே ஆவணங்களையே மேலே கொண்டுவருவதால் இந்த முறை கட்டுப்படியாகிறது. பின்னால் வரும் சிக்கலுக்கும் அதே ஒற்றுமைதான் வேர். அதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, திரட்டை ஆவண எண் வரிசையில் அடுக்குகிறார்கள். எந்த அமைப்பு கொண்டுவந்தது, எத்தனையாவது இடத்தில் வைத்தது என்பது மதிப்பீட்டாளருக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் முதலிடத்தில் வந்த ஆவணத்தை அவர் மனம் அறியாமலே ஏற்றுக்கொள்ளும். தலைப்பை எழுதியவரே அதன் மதிப்பீட்டாளராகவும் இருப்பது ட்ரெக்கின் வழக்கம். இந்தப் பொருளில் ஓர் அறிக்கை எழுதினால் இந்த ஆவணத்தில் உள்ள எதையாவது பயன்படுத்துவேனா என்று அவர் தன்னையே கேட்டுக்கொள்கிறார். ஆம் என்றால் 1, இல்லை என்றால் 0. தீர்ப்புக் கோப்பின் வடிவம் இப்படி இருக்கும் (ஆவணப் பெயர்கள் என் எடுத்துக்காட்டு):

```
401 0 D02210 1
401 0 D04417 0
```

தலைப்பு எண், பயன்படுத்தப்படாத ஒரு புலம், ஆவணப் பெயர், தீர்ப்பு. இதையும் ஒரு முடிவுப் பட்டியலையும் `trec_eval` நிரலிடம் கொடுத்தால் மதிப்பெண்கள் வரும்.

ட்ரெக்-8இல் மொத்தம் 86,830 தீர்ப்புகள் எழுதப்பட்டன. அவற்றில் 4,728 பொருத்தமானவை. சாத்தியமான தலைப்பு–ஆவண இணைகள் இரண்டு கோடியே அறுபது லட்சத்துக்கு மேல். அதில் மனிதக் கண் பட்டது நூற்றில் ஒரு பங்கில் மூன்றில் ஒன்று.

யாரும் பார்க்காத ஆவணத்தைப் பொருத்தமற்றது என்று முடிவுகட்டுவது அநியாயம் இல்லையா?

தனி ஆவணத்தின் பக்கம் நின்று பார்த்தால் அநியாயம்தான். ஜஸ்டின் சோபெல் 1998இல் வெளியிட்ட ஆய்வில், ட்ரெக் திரட்டுகள் பொருத்தமான ஆவணங்களில் அதிகபட்சம் 50 முதல் 70 சதவீதத்தையே கண்டுபிடித்திருக்கும் என்று மதிப்பிட்டார். அதாவது மூன்றில் ஒரு பங்கோ, பாதியோ விடுபட்டிருக்கலாம். ஆகவே ஓர் அமைப்பு பொருத்தமான ஆவணங்களில் எண்பது சதவீதத்தை மீட்டது என்று இந்தத் தொகுப்பை வைத்து யாராவது எழுதினால், அந்த எண்ணை அப்படியே நம்பாதீர்கள். பகுதியெண்ணாக இருப்பது கண்டுபிடிக்கப்பட்டவற்றின் எண்ணிக்கை. உண்மையில் உள்ளவற்றின் எண்ணிக்கை நமக்குத் தெரியாது.

ஆனால் அதே ஆய்வில் சோபெல் இன்னொன்றையும் காட்டினார். இவ்வளவு விடுபட்டும், எந்த அமைப்பு எதைவிட மேல் என்ற ஒப்பீடு பெரும்பாலும் நம்பத்தக்கதாகவே இருந்தது. காரணம், விடுபட்ட ஆவணங்களால் எல்லா அமைப்புகளும் ஏறத்தாழ ஒரே அளவில் இழந்தன. எல்லோருக்கும் பத்து மதிப்பெண் குறைத்தால் தரவரிசை மாறுவதில்லை. ஒருவருக்கு மட்டும் குறைத்தால் மாறும்.

எனவே, திரட்டில் எத்தனை ஆவணங்கள் விடுபட்டன என்பதைவிட, விடுபட்டவை யாருக்குச் சொந்தமானவை என்ற கேள்விதான் முக்கியம். இந்த முறையைப் பற்றி ஒன்றே ஒன்றைத் தெரிந்துகொள்ள நேரம் இருந்தால் இதைத் தெரிந்துகொள்ளுங்கள் என்பேன்.

விடுபடல் ஒருபக்கமாகச் சாய்ந்தால் என்ன ஆகும்? சிறு கணக்காகப் போட்டுக் காட்ட முடியுமா?

தமிழிலேயே போட்டுப் பார்க்கலாம். தமிழ்த் தொகுப்பு கட்டுபவர் கட்டாயம் சந்திக்கும் நிலை இது. ஒரு செய்தித் தொகுதியில் ‘ஏரி ஆக்கிரமிப்பு’ என்பது தலைப்பு என்று கற்பனை செய்யுங்கள். அ, ஆ என்ற இரண்டு அமைப்புகள் சொல்லை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகின்றன. இ என்ற மூன்றாவது அமைப்பு விகுதிகளையும் வேற்றுமை உருபுகளையும் நீக்கி, வேரை வைத்துத் தேடுகிறது. ஆகவே ‘ஏரிகளை ஆக்கிரமித்துக் கட்டிய வீடுகள்’ என்று எழுதிய செய்தி இ-க்கு மட்டும்தான் அகப்படும். அந்த வரியில் ‘ஏரி’யும் தனியாக இல்லை, ‘ஆக்கிரமிப்பு’ம் இல்லை.

மூன்றும் தந்த முதல் ஐந்து ஆவணங்கள்:

```
அ: 1 2 3 4 5
ஆ: 2 1 6 3 7
இ: 2 8 1 9 4
```

15 இடங்களில் வெவ்வேறு ஆவணங்கள் ஒன்பது. மதிப்பீட்டாளர் ஒன்பதையும் படித்து, 1, 2, 4, 8, 9 ஆகிய ஐந்தும் பொருத்தம் என்கிறார்.

இப்போது சராசரித் துல்லியத்தைக் கணக்கிடலாம். பொருத்தமான ஆவணம் வரும் ஒவ்வோர் இடத்திலும், அதுவரை வந்தவற்றில் எத்தனை பங்கு பொருத்தம் என்று குறித்துக்கொண்டு, அவற்றைக் கூட்டி, தெரிந்த பொருத்தமான ஆவணங்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். அ-வுக்கு 1, 2, 4ஆம் இடங்களில் பொருத்தம்: 1 + 1 + 0.75 = 2.75, ஐந்தால் வகுத்தால் 0.55. ஆ-வுக்கு முதல் இரண்டு இடங்கள் மட்டும்: 2 ÷ 5 = 0.40. இ-யின் ஐந்தும் பொருத்தம்: 1.00.

அடுத்து, திரட்டு கட்டிய நாளில் இ இன்னும் உருவாகவில்லை என்று கொள்வோம். 8, 9 இரண்டும் திரட்டுக்குள் வரவே இல்லை, யாரும் படிக்கவில்லை, பொருத்தமற்றவை என்று கணக்காகிவிட்டன. தெரிந்த பொருத்தங்கள் மூன்றாகச் சுருங்குகின்றன. அ-வின் மதிப்பெண் 2.75 ÷ 3 = 0.92. ஆ 0.67. பிறகு வந்து அதே தொகுப்பில் தன்னைச் சோதித்துக்கொள்ளும் இ-க்கு 1, 3, 5ஆம் இடங்களில் மட்டுமே பொருத்தம்: 1 + 0.67 + 0.60 = 2.27, மூன்றால் வகுத்தால் 0.76.

முதலிடத்தில் இருக்க வேண்டிய அமைப்பு இரண்டாமிடத்துக்குப் போய்விட்டது. வேர்ச்சொல் பகுப்பு தமிழ்த் தேடலுக்குப் பயன்படவில்லை என்று இதைப் பார்த்து யாராவது கட்டுரை எழுதினால், அவர் கணக்கில் ஒரு பிழையும் இருக்காது. முடிவு மட்டும் தலைகீழாக இருக்கும். அ, ஆ போன்ற அமைப்புகளை இன்னும் பத்துச் சேர்த்திருந்தாலும் இது திருந்தியிருக்காது. ஒரே மாதிரி தேடும் பத்து அமைப்புகள் ஒரே இடத்தைத்தான் பத்து முறை தோண்டும்.

என் தொகுப்பு இப்படிச் சாய்ந்திருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மேலே செய்ததையே வேண்டுமென்று செய்து பார்க்க வேண்டும். ஒரு குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். திரட்டில் அந்தக் குழு மட்டுமே கொண்டுவந்த பொருத்தமான ஆவணங்களைத் தீர்ப்புக் கோப்பிலிருந்து நீக்குங்கள். இப்போது அந்தக் குழு பங்கேற்கவே இல்லை என்பது போன்ற ஒரு கோப்பு கிடைக்கும். அதை வைத்து அதே குழுவுக்கு மறுபடி மதிப்பெண் போடுங்கள். பழைய மதிப்பெண்ணுக்கும் புதியதற்கும் உள்ள இடைவெளிதான், நாளை வரப்போகும் அந்நிய அமைப்பு ஒன்று இந்தத் தொகுப்பில் சந்திக்கக்கூடிய நட்டம். ஒவ்வொரு குழுவுக்கும் இதைத் திரும்பச் செய்ய வேண்டும்.

ஒரு பட்டியலை மட்டும் நீக்காமல் குழுவின் எல்லாப் பட்டியல்களையும் சேர்த்து நீக்குவது அவசியம். ஒரே குழு அனுப்பும் இரண்டு பட்டியல்கள் பெரும்பாலும் உடன்பிறந்தவை. ஒன்றை நீக்கினாலும் மற்றது அதே ஆவணங்களைத் திரட்டுக்குள் வைத்திருக்கும். சோதனை பொய்யான நிம்மதியைத் தரும்.

ட்ரெக்-8இல் இதைச் செய்தபோது, தானாக ஓடிய அமைப்புகளின் மதிப்பெண்கள் மிகச் சிறிதளவே அசைந்தன. பெரிய அசைவு, மனிதர் உட்கார்ந்து தேடல் சொற்களை மாற்றி மாற்றித் தேடிய பட்டியல்களில் தெரிந்தது. அவைதான் வேறு யாரும் காணாத பொருத்தமான ஆவணங்களை அதிகம் கொண்டுவந்திருந்தன. எனக்கு இது தொகுப்பின் குறையாகத் தோன்றவில்லை. அந்தப் பட்டியல்கள் திரட்டில் இருந்ததால்தான் மற்றவர்களுக்கான அளவுகோல் செம்மையானது. சொந்தமாகத் தொகுப்பு கட்டுகிறவரிடம் பணமோ நேரமோ குறைவாக இருந்தால், இன்னொரு தானியங்கி அமைப்பைச் சேர்ப்பதற்குப் பதில், பொருள் தெரிந்த ஒருவரைத் தலைப்புக்குச் சில மணி நேரம் தேட வைக்கச் சொல்வேன். ‘ஏரி’ என்று தேடுபவர் அடுத்து ‘கண்மாய்’, ‘குளம்’, ‘நீர்நிலை’ என்று மாற்றித் தேடுவார். எளிய அமைப்புகள் தாமாக அங்கே போவதில்லை.

முதல் 100 என்ற ஆழம் எப்போதும் போதுமா?

போதாது. தொகுதி பெருகும்போது அதே ஆழம் மெலிந்துபோகிறது. இதற்கு நன்கு ஆராயப்பட்ட ஒரு நிகழ்வு இருக்கிறது.

2005இல் ட்ரெக்கின் இரண்டு பிரிவுகள், அக்வெயின்ட் என்ற பத்து லட்சம் செய்திகள் கொண்ட தொகுதியைப் பயன்படுத்தின. தலைப்புகள் புதியவை அல்ல. பழைய தொகுப்பில் அமைப்புகளுக்குக் கடினமாக இருந்த ஐம்பது. தீர்ப்புகள் முடிந்த பிறகு ஒரு பட்டியல் தனித்துத் தெரிந்தது. அது பழைய தொகுப்பில் அதே தலைப்புகளுக்குப் பொருத்தம் என்று தீர்ப்பான ஆவணங்களிலிருந்து தேடல் சொற்களைக் கற்றுக்கொண்டு தேடியிருந்தது. தலைப்பின் பெயரில் உள்ள சொற்களை அது பெரிதாக நம்பியிருக்கவில்லை. விளைவாக, வேறு எந்தப் பட்டியலும் காணாத பொருத்தமான ஆவணங்கள் நூற்றுக்கணக்கில் அதன் வழியாக வந்தன. அவற்றை நீக்கி மறுபடி கணக்கிட்டபோது அதன் மதிப்பெண் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் சரிந்தது.

கிறிஸ் பக்லியும் நிஸ்ட்டைச் சேர்ந்த எல்லன் வூர்ஹீஸ் உள்ளிட்டவர்களும் இதன் காரணத்தை ஆராய்ந்தார்கள். ஏறத்தாழ எல்லா அமைப்புகளும், தலைப்பின் பெயரில் உள்ள சொற்கள் நிறைந்த ஆவணங்களை முதலில் வரிசைப்படுத்துகின்றன. சிறிய தொகுதியில் அப்படிப்பட்டவை சீக்கிரம் தீர்ந்துவிடும். அதன் பிறகு நூறுக்குள்ளேயே வேறு வகை ஆவணங்களுக்கு இடம் கிடைக்கும். பெரிய தொகுதியில் அந்தச் சொற்கள் நிறைந்த ஆவணங்களே மேலிடங்களை முழுதாக நிரப்பிவிடுகின்றன. அதே பொருளை வேறு சொற்களில் பேசும் ஆவணம் திரட்டின் வாசலைக்கூட எட்டுவதில்லை.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. பொருத்தம் என்று தீர்ப்பான ஆவணங்களில் தலைப்பின் சொற்கள் எவ்வளவு அடர்த்தியாக வருகின்றன என்று எண்ணுங்கள். ஒரே தலைப்புகளுக்கு இரண்டு தொகுப்புகள் இருந்தால் ஒப்பிடுங்கள். ஏறத்தாழ எல்லாப் பொருத்தமான ஆவணங்களிலும் தலைப்பின் எல்லாச் சொற்களும் இருந்தால் சந்தேகப்படுங்கள். எழுதுகிற மனிதர்கள் அவ்வளவு ஒரே மாதிரி எழுதுவதில்லை.

மதிப்பீட்டாளர்களே ஒத்துப்போகாவிட்டால் எல்லாம் வீண்தானே?

ஒத்துப்போவதில்லை என்பது உண்மை. ட்ரெக்-4இன் தலைப்புகளுக்கு வெவ்வேறு மதிப்பீட்டாளர்களின் தீர்ப்புகளை வூர்ஹீஸ் ஒப்பிட்டார். இருவரில் ஒருவராவது பொருத்தம் என்ற ஆவணங்களை எடுத்துக்கொண்டால், இருவரும் பொருத்தம் என்றவை அவற்றில் பாதிக்கும் குறைவு. ஆனாலும் யாருடைய தீர்ப்பை வைத்து மதிப்பெண் போட்டாலும் அமைப்புகளின் வரிசை மிகக் குறைவாகவே மாறியது. 50 தலைப்புகளின் சராசரியில் தனிமனித விருப்பங்கள் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுகின்றன. ஐந்து தலைப்புகளை வைத்துக்கொண்டு இந்த நிம்மதியை எதிர்பார்க்க முடியாது.

பழைய தொகுப்பில் என் புதிய அமைப்பைச் சோதிக்கிறேன். மதிப்பெண் குறைவாக வந்தால் குறை என்னுடையதா, தொகுப்பினுடையதா?

மதிப்பெண்ணைப் பார்க்கும் முன் வேறொன்றை எண்ணுங்கள். உங்கள் பட்டியலின் முதல் பத்தில், தீர்ப்புக் கோப்பில் பெயரே இல்லாத ஆவணங்கள் எத்தனை? `trec_eval` அவற்றைச் சத்தமில்லாமல் 0 என்று எடுத்துக்கொள்ளும், தனியாகச் சொல்லாது. ஒப்பிடும் அமைப்புக்கு முதல் பத்தில் ஒன்றுகூடத் தீர்ப்பில்லாமல் இல்லை, உங்களுக்கு மட்டும் மூன்று இருக்கின்றன என்றால், இரண்டு மதிப்பெண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது சரியல்ல. அந்த மூன்றையும் திறந்து படியுங்கள். வெறும் குப்பை என்றால் குறை உங்களுடையது. நல்ல ஆவணங்கள் என்றால் தொகுப்பு உங்களுக்கு முன்பே மூடப்பட்டுவிட்டது.

தீர்ப்பில்லாதவற்றைக் கணக்கிலிருந்தே விட்டுவிடும் அளவைகளும் உண்டு. பக்லியும் வூர்ஹீஸும் 2004இல் தந்த `bpref` அப்படிப்பட்டது. துணைக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் விடுபடல் ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தால் அதையும் முழுதாக நம்ப முடியாது: மிஞ்சிய தீர்ப்புகளும் அதே சாய்வோடுதான் இருக்கும்.

எல்லாப் பழைய தொகுப்பும் புதிய அமைப்புகளுக்கு ஒவ்வாது என்று பயப்படவும் வேண்டாம். நரம்பியல் வலையமைப்புத் தேடல்கள் பரவிய பிறகு, அவற்றின் முடிவுகளில் தீர்ப்பில்லாத ஆவணங்களுக்குப் புதிதாகத் தீர்ப்பிட்டு ட்ரெக்-8ஐ மீண்டும் சோதித்தார்கள். 2022இல் வெளியான அந்த ஆய்வு, 1999இன் தொகுப்பு இன்றைய அமைப்புகளையும் நம்பகமாக அளக்கிறது என்றே முடிந்தது. பல வகைப் பட்டியல்களை நூறு ஆழத்துக்குத் தோண்டியதன் பலன் அது. முதல் ஐந்தோ பத்தோ மட்டும் பார்த்து, இரண்டு மூன்று ஒத்த அமைப்புகளை வைத்துக் கட்டிய தொகுப்புக்கு இந்த உறுதியைக் கடன் கொடுக்க முடியாது.

விடுபட்ட ஆவணங்களுக்கு நானே தீர்ப்பிட்டுக் கோப்பில் சேர்த்துவிடலாமா?

சேர்க்கலாம், மூன்று கட்டுப்பாடுகளுடன். உங்கள் அமைப்பின் ஆவணங்களுக்கு மட்டும் தீர்ப்பிட்டால் சாய்வு உங்கள் பக்கம் திரும்பும். ஒப்பிடும் எல்லா அமைப்புகளிலும் அதே ஆழத்துக்குள் தீர்ப்பில்லாமல் இருப்பவற்றையும் படிக்க வேண்டும். படிப்பவர் முதல் மதிப்பீட்டாளர் அல்ல என்பதால், ஏற்கெனவே தீர்ப்பான சில ஆவணங்களை, பொருத்தமானவையும் அல்லாதவையும் கலந்து, பழைய தீர்ப்பைக் காட்டாமல் அவர் முன் வையுங்கள். அவர் பழையவரைவிடத் தாராளமானவரா கண்டிப்பானவரா என்று அதில் தெரிந்துவிடும். கடைசியாக, கோப்பு மாறியதும் எல்லா அமைப்புகளுக்கும் மறுபடி மதிப்பெண் போடுங்கள். பழைய கட்டுரையில் அச்சான 0.31ஐயும் விரிவாக்கிய கோப்பில் உங்களுக்குக் கிடைத்த 0.34ஐயும் ஒரே அட்டவணையில் வைக்கக் கூடாது. பொருத்தமான ஆவணங்களின் எண்ணிக்கை மாறினால் வகுக்கும் எண்ணும் மாறுகிறது. கோப்புக்கு ஒரு பதிப்பு எண் கொடுத்து, எந்தப் பதிப்பில் எந்த மதிப்பெண் என்று எழுதிவையுங்கள்.